காலை ஷிப்டிலிருந்து மாலை ஷிப்டுக்கு: முன் மேசை ஒப்படைப்புக் குறிப்பு

மதுரை, சனிக்கிழமை. காலை 7 முதல் மாலை 3 வரை.

தம்பி, முதலில் 212-ஐப் படித்துவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

212: கைக்குழந்தையோடு வந்த தம்பதி. காலை 9 மணிக்கு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி மெத்தை நனைந்துவிட்டது. மெக்கானிக் 11 மணிக்கு வந்து வடிகுழாய் அடைப்பை எடுத்தார். மெத்தையும் மாற்றியாச்சு. 214 தருகிறோம் என்றேன். குழந்தை தூங்குகிறது, எழுந்ததும் மாறுகிறோம் என்றார்கள். அதனால் 214 பிடித்து வைத்திருக்கிறது, யாருக்கும் கொடுக்காதே. கதவைத் தட்ட வேண்டாம், இன்டர்காமும் அடிக்க வேண்டாம், அவர்களே கூப்பிடுவார்கள். அந்த அம்மா கோபமாகத்தான் இருக்கிறார், நியாயமான கோபம். வாடகையில் குறைப்பதாக நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டால் மேனேஜரிடம் பேச வை, நீயாக ஒரு தொகை சொல்லிவிடாதே.

305: பெரியவர்கள் இருவர், 12 மணிக்குக் காலி செய்துவிட்டார்கள். பில் முடிந்தது. இரண்டு பெட்டி, டோக்கன் 7, லக்கேஜ் அறையில். மாலை நடை திறந்ததும் அம்மனைப் பார்த்துவிட்டு வருவார்கள். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஆட்டோ 8.15-க்குச் சொல்லியிருக்கிறேன். கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள் என்று இரண்டு போனையும் நம் லாக்கரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தாமதமானால் கூப்பிட வழியில்லை. 7.45 வரை வராவிட்டால் ரூம்பாயை மேலக்கோபுர வாசலுக்கு அனுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது.

118: பிரெஞ்சுக்காரர்கள் இருவர், 1 மணிக்கு வந்தார்கள். ஃபார்ம் சி இன்னும் ஏற்றவில்லை. ஒருவருடைய விசா பக்கம் மங்கலாக விழுந்திருக்கிறது, மறுபடி ஸ்கேன் எடு. ஃபார்ம் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நாளைக் காலைக்குத் தள்ளாமல் இன்றே முடித்துவிடு.

221: கம்பெனி பில். அறை வாடகை வாங்காதே, சாப்பாடு, துணி சலவைக்கு மட்டும் அவரிடம் வாங்கு.

அறை நிலவரம்: மொத்தம் 42, உள்ளே 31. இன்னும் 6 பதிவு வர வேண்டும். 107 குழாய் வேலை, பூட்டியிருக்கிறது. 214-ஐயும் கழித்தால் நேரில் வருபவர்களுக்கு மிச்சம் 3. அவர்கள் 214-க்கு மாறியபின் 212-ஐ உடனே விற்காதே. ஏசியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார். ஆறு பதிவில் இரண்டு ஆன்லைனில் முழுப்பணம் கட்டியவை, ரெஜிஸ்டரில் பச்சைக் கோடு போட்டிருக்கிறேன். அவர்களிடம் நம் ரேட் அட்டையை நீட்டாதே, தேவையில்லாத பேச்சு வரும்.

பணம்: தொடக்க இருப்பு 5,000. ரொக்க வரவு 11,200. செலவு 640 (பூ 200, பால் 260, ஆட்டோ 180, ரசீது கவரில்). பெட்டியில் 15,560. ஐம்பது ரூபாய் தாள் நான்குதான் இருக்கிறது. கடை அடைக்கும் முன் சில்லறை மாற்றி வை. கார்டு மெஷின் செட்டில்மென்ட் போட்டாச்சு.

மாஸ்டர் சாவி 2, லாக்கர் சாவி 1. கையில் வாங்கி எண்ணிய பிறகு கையெழுத்துப் போடு.

— அக்கா, காலை மேசை, 2.50

பெற்றுக்கொண்டேன், 3.05. பணம் எண்ணினேன், 15,560 சரி. சாவி மூன்றும் சரி. லாக்கரில் போன் இரண்டு பார்த்தேன். அக்கா, ஒன்றில் சார்ஜ் சுத்தமாக இல்லை, சார்ஜரில் போட்டிருக்கிறேன்.