மார்ச் 9 முதல் 22 வரை பணி ஒதுக்க வேண்டாம்

பணி ஒதுக்கீட்டு ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பக் காரணத்தால் மார்ச் 9 திங்கள் முதல் 22 ஞாயிறு வரை என்னால் எந்த ஷிஃப்டுக்கும் வர இயலாது. இது விலகல் அல்ல. பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். 23ஆம் தேதி காலை ஷிஃப்டுக்குத் தயார்.

ஏற்கெனவே ஒப்புக்கொண்ட இரண்டு ஷிஃப்டுகள் இடையில் வருகின்றன: 10, 12 தேதிகளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை, கிடங்கு பேக்கிங் பிரிவு. செயலியில் விடுப்பு குறித்துவிட்டேன். ஆனால் உறுதியான ஷிஃப்டுகள் அதனால் தானாக ரத்தாவதில்லை. அவற்றை நீங்களே நீக்கி, கிடங்கு மேற்பார்வையாளருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'வராதவர்' என்று பதிவாகும்; அவர்களுக்கும் கடைசி நேரத்தில் ஆள் கிடைக்காது.

மார்ச் 7 வரையிலான வேலைநேரத் தாளைக் கையொப்பத்துடன் சனிக்கிழமை மாலையே அனுப்புகிறேன். அதற்குரிய ஊதியம் வழக்கமான நாளில் வர வேண்டும்.

ரத்தானதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

நன்றி.
கிடங்குப் பிரிவு தற்காலிகப் பணியாளர்