குளிர்பெட்டியும் வேண்டாம், சோடா உப்பும் வேண்டாம்: பர்மா உளுந்தில் அரைத்த ‘பொங்குமாவு’ யாங்கோனில் நவம்பர் 8 முதல் விற்பனை

பத்திரிகைச் செய்தி
உடனே வெளியிடலாம்

கரைத்து வைத்தால் தானாகப் புளித்துப் பொங்கும் உலர்ந்த இட்லி, தோசை மாவு. அரை வீசைப் பொட்டலம் 4,800 கியாட்

யாங்கோன், 2025 நவம்பர் 1: டவ்பொன் வட்டாரத்தில் ஆறு பேர் வேலை செய்யும் சிறிய மாவு ஆலை, ‘பொங்குமாவு’ என்ற உலர்ந்த இட்லி, தோசை மாவை வரும் சனிக்கிழமை, நவம்பர் 8 அன்று விற்பனைக்குக் கொண்டுவருகிறது. தண்ணீரில் கரைத்து ஓர் இரவோ ஒரு பகலோ மூடி வைத்தால், ஆட்டுக்கல்லில் அரைத்த மாவைப் போல இது தானே புளித்துப் பொங்கும். சோடா உப்பு, ஈஸ்ட், புளிப்புத் தூள் எதுவும் இதில் கலக்கப்படவில்லை. மின்சாரம் விட்டுவிட்டு வரும் வீடுகளில் அரைத்த ஈரமாவைக் குளிர்பெட்டியில் காப்பது முடியாத காரியமாகிவிட்டதால், தேவையான அளவை மட்டும் அன்றன்று கரைத்துக்கொள்ளும்படி இம்மாவு தயாரிக்கப்பட்டுள்ளது. அரை வீசைப் பொட்டலத்தில் 40 முதல் 45 இட்லி அல்லது 28 முதல் 30 தோசை வரும். அனௌரதா சாலைப் பகுதியிலுள்ள பலசரக்குக் கடைகளிலும் தெயின்ஜி சந்தையிலும் முதலில் கிடைக்கும்.

ஆலையின் விளக்கம்

பொட்டலத்தில் உள்ளவை நான்கே பொருள்கள். அரை வீசை, அதாவது சுமார் 816 கிராம் மாவில் புழுங்கலரிசி 604 கிராம், தோல் நீக்கிய உளுந்து 163 கிராம், அவல் 41 கிராம், வெந்தயம் 8 கிராம். உப்பு சேர்க்கவில்லை; அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம். கடைக்கணக்கு இந்த நாட்டில் இன்றும் வீசையில்தான் நடக்கிறது என்பதால் பொட்டலத்தையும் வீசைக் கணக்கிலேயே கட்டியிருக்கிறோம்.

உளுந்து இங்கே விளைவதுதான். மழைக்கால நெல் அறுத்த பிறகு, வயலில் எஞ்சிய ஈரத்தை நம்பி ஐராவதி, பகோ வட்டாரங்களில் விதைக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் காய் பறிப்பு. அதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறது. ஆண்டுக்கு 2,50,000 டன் பர்மா உளுந்தை வாங்கிக்கொள்ள 2021-இல் இந்தியா ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்ததே அதன் தரத்துக்குச் சான்று. சந்தையில் சராசரித் தரத்தை எஃப்.ஏ.க்யூ. என்றும் சிறப்புத் தரத்தை எஸ்.க்யூ. என்றும் பிரிப்பார்கள். நாங்கள் எடுப்பது எஸ்.க்யூ.; மணி பெரிதாக இருப்பதால் தோல் நீக்கும்போது நொறுங்குவது குறைவு. விலை கூடத்தான். ஆனாலும் இட்லி பொங்குவதும் படுத்துவிடுவதும் உளுந்தின் கையில் இருக்கும்போது அதில் மிச்சம் பிடிக்க நாங்கள் விரும்பவில்லை.

அரிசி எமத்தா வகைப் புழுங்கல். சோற்றுக்குப் பெயர்பெற்ற பவ்சான் அரிசியை இதற்குச் சேர்ப்பதில்லை. அது குழைந்து வேகும் இயல்புடையது. இட்லி தட்டில் ஒட்டும், தோசை முறுகாமல் துவளும்.

உலர்மாவு பொங்குமா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடு இயற்கையாகவே வருகின்றன. அவை வெளியிடும் வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து நிறுத்துவது உளுந்தின் புரதமும் வழவழப்பும். வெந்தயம் அந்த வழவழப்புக்குத் துணை. அதிகச் சூட்டில் அரைத்தால் நுண்ணுயிர்களும் உளுந்தின் புரதமும் கெடும். கடைகளில் விற்கும் பல உடனடி மாவுகளுக்கு சோடா உப்பு தேவைப்படுவது, அவை புளிக்க நேரம் விடாமல் உடனே சுடப்படுவதால்தான். இங்கே உளுந்தைத் துடைத்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் உலர்த்தி, கல் எந்திரத்தில் மெதுவாக அரைக்கிறோம். இறங்கும் மாவு 45 டிகிரி செல்சியஸை நெருங்கினால் எந்திரத்தை நிறுத்திக் கல் ஆறியபிறகே மறுபடி ஓட்டுகிறோம். உளுந்தும் வெந்தயமும் 0.18 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கும் அளவுக்கு நைசாக இருக்கும். அரிசியும் அவலும் 0.6 மில்லிமீட்டர் சல்லடையில், விரலில் நறநறவென்று படும் குறுநொய்யாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக மாவாக்கினால் இட்லி களியாகிவிடும்.

கரைக்கும் முறை

முழுப் பொட்டலத்துக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். கொஞ்சமாகச் செய்வதானால் ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளருக்குச் சற்றே குறைவான தண்ணீர். முதலில் முக்கால் பங்கு ஊற்றிக் கட்டியில்லாமல் பிசைந்து, மீதியை விட்டு, கையாலேயே ஐந்து நிமிடம் அடித்துக் கலக்குங்கள். கரண்டி போதாது. ஈரமாக அரைக்கும்போது எந்திரமே மாவுக்குள் காற்றை ஏற்றிவிடும். உலர்மாவில் அந்த வேலையைக் கைதான் செய்யவேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைக் குறைத்தவர்களுக்கு இட்லி கனமாகவே வரும். தோசைக்கு, புளித்த பிறகு இன்னும் 200 மில்லி லிட்டர் தண்ணீர் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம். முன்பே இளக்கினால் வாயு நிற்காமல் போய்விடும்.

பாத்திரம் ஐந்து லிட்டர் கொள்வதாக இருக்கட்டும். கரைத்த மாவு இரண்டு லிட்டர்தான் இருக்கும், பொங்கும்போது இரட்டிப்பாகும். தளர்வாக மூடுங்கள், இறுக்க வேண்டாம்.

புளிக்கும் நேரம் வெயிலைப் பொறுத்தது. ஏப்ரலில், திஞ்சான் சமயத்து வெக்கையில், ஐந்தாறு மணி நேரம் போதும். மழைக்காலத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் யாங்கோனில் குளிர் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அப்போது பதினாறு மணி நேரம்கூட ஆகலாம். விற்பனை தொடங்குவது குளிர்காலத்தின் வாசலில் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: இந்தக் குளிர் மாதங்களில் இரவில் கரைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குக் கரைத்தால் பகல் வெயிலே வேலையைச் செய்துவிடும், மாலைச் சிற்றுண்டிக்கு மாவு தயார். காலைக்கே வேண்டுமென்றால் முந்தின நாள் மதியம் கரைத்து, வெதுவெதுப்பான நீர் நிறைந்த அகலமான பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, கம்பளியால் சுற்றி வைக்கலாம். சூடான அடுப்பின் மேல் வைப்பது தவறு. அடிமாவு வெந்துவிடும், மேல்மாவு அப்படியே கிடக்கும்.

உப்பு எப்போது? குளிர்காலத்தில் பொங்கிய பிறகு, வெயில்காலத்தில் கரைக்கும்போதே. உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். ஏப்ரலில் அந்தத் தாமதம் வேண்டும், ஜனவரியில் வேண்டாம். ஒரே அளவு உப்பைப் பொட்டலத்துக்குள் போட்டுவிட்டால் ஆண்டில் பாதி நாள் தவறாகிவிடும் என்பதால்தான் அதை விட்டுவிட்டோம். முழுப் பொட்டலத்துக்கு மூன்று தேக்கரண்டி சரியாக இருக்கும்.

எங்கே தவறும்

மாவு பொங்கவே இல்லையென்றால், பெரும்பாலும் கொதிநீரில் கரைத்திருப்பார்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பே மேலெல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் சில மணி நேரம் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குடிநீர்ப் போத்தல் தண்ணீர் என்றால் அந்தக் கவலை இல்லை.

பொங்கிய மாவு இட்லித் தட்டில் ஊற்றியதும் அமுங்கிவிட்டதா? பொங்கிய பிறகு வேகமாகக் கலக்கியிருக்கிறீர்கள். உப்பைத் தூவி, அடியிலிருந்து மேலாக இரண்டு மூன்று முறை புரட்டினால் போதும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்தபிறகு தட்டை உள்ளே வைத்து 12 நிமிடம் வேகவிட்டு, இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுங்கள். உடனே எடுத்தால் துணியோடு பிய்ந்து வரும்.

தோசை கல்லில் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பொங்கிய மாவு வெளியே இருந்தால் ஆறு மணி நேரத்துக்குமேல் கடும்புளிப்பாகும். வெயில்காலத்தில் இன்னும் சீக்கிரம். லேசான புளிப்பானால் வெங்காயம், மிளகாய் சேர்த்து ஊத்தப்பம் ஊற்றலாம். இளஞ்சிவப்பு நிறமோ, பூசணமோ, அழுகல் வாடையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டு மீதியைச் சுடவேண்டாம்.

பிரித்த பொட்டலம் மழைக்காலத்தில்தான் கெடும். ஈரக் கரண்டி பட்டால் கட்டி தட்டும், பின் பூசணம் பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் மாற்றி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிரிக்காத பொட்டலம் அரைத்த நாளிலிருந்து நான்கு மாதம் வரை நன்றாக இருக்கும். அதற்குமேல் மாவு கெட்டுப்போகாவிட்டாலும் பொங்கும் சக்தி தளரும். எனவே உறையின் முன்பக்கத்திலேயே அரைத்த தேதியைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அன்றே ஊறவைத்து ஈரமாக அரைத்த உளுந்தின் இட்லியில் வரும் பஞ்சு மென்மை இதில் முழுதாக வராது. நன்றாக ஓடும் கிரைண்டரும் தடையில்லாத மின்சாரமும் உள்ள வீட்டுக்கு இந்த மாவு தேவையில்லை. தோசையில் வேறுபாடு தெரியாது. பர்மியர்கள் ‘தோஷே’ என்று விரும்பிச் சாப்பிடும் மெல்லிய முறுகல் தோசைக்கு அரிசிக் குறுநொய் இன்னும் பொருத்தமாகவே அமைகிறது. தெருவோரத் தோசைக் கடைக்காரர்கள் பலர் மின்தடையால் மாவரைக்கும் நேரத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டுத் தூக்கம் கெடுகிறார்கள். அவர்களுக்காகவே ஐந்து வீசைச் சாக்கும் தயாரித்திருக்கிறோம்; விலை 45,000 கியாட். வெறும் சாக்கைத் திருப்பித் தந்தால் அடுத்த முறை 500 கியாட் குறைத்துக்கொள்வோம்.

ஆலையில் நாளொன்றுக்கு 120 வீசை அரைக்க முடியும். அதைத் தாண்டி முன்பதிவு வந்தால், வரிசைப்படி மறுநாள் அரைத்துத் தருவோமே தவிர எந்திரத்தை வேகமாக ஓட்டமாட்டோம். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து தன்லின், பகோ கடைகளுக்கும், தைப்பூசத்துக்கு முன்பாக மோல்மீனுக்கும் அனுப்பப்படும்.

பத்திரிகை ஆசிரியர்களின் கவனத்துக்கு: இச்செய்தியுடன் அரை வீசைப் பொட்டலம் ஒன்று வைத்துள்ளோம். அக்டோபர் 30 அன்று அரைத்தது. அச்சுக்கு அனுப்புமுன் வீட்டில் கொடுத்துக் கரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொங்கவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். கரைத்த நேரம், தண்ணீர் அளவு, வைத்த இடம் மூன்றையும் எங்களுக்குத் தெரிவித்தால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறோம்.