விற்பனைக்கு: 2021 ஸ்பிளெண்டர் பிளஸ், குறைகளையும் சேர்த்து

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ், பி.எஸ்.6, செல்ஃப் ஸ்டார்ட், கறுப்பு நிறம். 2021 ஆகஸ்டில் என் பெயரில் பதிவானது. முதல் உரிமையாளர் நானே. ஸ்ரீரங்கம் பதிவு, டி.என்.48. ஓடோமீட்டரில் 43,600 கிலோமீட்டர். விலை 46,000 ரூபாய். வண்டி ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் என் வீட்டில் நிற்கிறது.

விற்பதற்குக் காரணம் வண்டி அல்ல. லால்குடிக்குத் தினமும் போய்வந்த வேலை இப்போது வீட்டுக்கு அருகிலேயே மாறிவிட்டது. வீட்டில் ஒரு ஸ்கூட்டரும் இருக்கிறது. இரண்டுக்கும் காப்பீடு கட்டி, ஒன்றை வாசலில் வெயில் காயவிடுவதில் அர்த்தமில்லை.

முதலில் குறைகள். நல்லதை எப்படியும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்கான கோன் செட் தேய்ந்திருக்கிறது. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் லேசாக ஒரு பள்ளத்தில் உட்காருவது போலத் தெரியும். ஓட்டும்போது பெரிதாகத் தொந்தரவு இல்லை. ஆனாலும் அடுத்த சில மாதங்களுக்குள் மாற்றியே ஆகவேண்டும். முன் டயரும் தேய்ந்துவிட்டது. இந்த மழைக்காலத்துக்கு அதை நம்ப வேண்டாம். பின் டயர் 2025-இல் போட்டது, நன்றாக இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என் சொல்லை நம்பத் தேவையில்லை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடது பக்கம் ஒரு அடி உண்டு. கடைத்தெருவில் நிறுத்தியிருந்தபோது பின்னால் வந்த சரக்கு ஆட்டோ ஒன்று தள்ளிச் சாய்த்துவிட்டது. டேங்கில் கட்டைவிரல் அளவுக்கு நெளிவு, பக்கக் கவரில் கீறல், கிராஷ் கார்டு சற்று உள்வாங்கியிருக்கிறது. இடது முன் இண்டிகேட்டர் புதிது. ஃபோர்க்கும் சேசிஸும் வளையவில்லை. எப்படிச் சரிபார்ப்பது என்று கீழே சொல்கிறேன். சைலன்சரின் அடிப்பக்கம் துரு பிடித்திருக்கிறது, ஓட்டை இல்லை. சீட் கவர் வெளியில் போட்டது, கம்பெனியுடையது அல்ல. காலையில் முதல் தடவை செல்ஃப் சில சமயம் இரண்டாவது முயற்சியில்தான் பிடிக்கும். கிக்கரில் ஒரே உதைதான்.

எஞ்சினைப் பிரித்ததே இல்லை. புகை இல்லை, ஆயில் குறைவதில்லை. ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றியிருக்கிறேன். செயின் ஸ்பிராக்கெட் செட் 28,000-இலும் முன் ஃபோர்க் ஆயில் சீல்கள் 31,000-இலும் மாற்றப்பட்டன. பேட்டரி 2024-இல் போட்டது. பின் பிரேக் ஷூ சமீபத்தில் மாறியது. இலவச சர்வீஸ்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நடந்தன. அதற்குப் பிறகு எல்லாம் எங்கள் தெரு மெக்கானிக்கிடம். அவருடைய கையெழுத்துச் சீட்டுகளும் சேர்த்து ஒரு கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கிறது. மீட்டரைத் திருப்பிவைத்த வண்டியில் இந்த வரிசை எங்காவது இடறும். கூடவே கால் வைக்கும் ரப்பரையும் பிரேக் பெடலையும் கைப்பிடி ரப்பரையும் பாருங்கள். மீட்டர் இருபதாயிரம் காட்ட, கால் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டியில் ரப்பர்கள் 43,000-க்கு உரிய தேய்மானத்தோடுதான் இருக்கின்றன.

மைலேஜ் 58 முதல் 60 வரை கிடைக்கிறது. மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கு அல்ல. மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் அதே அளவுக்கு நிரப்பிப் பார்த்த கணக்கு. லால்குடிச் சாலையில் தனி ஆளாக, ஐம்பதைத் தாண்டாத வேகத்தில் ஓட்டியது. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி நின்று நின்று ஓட்டினாலோ, பின்னால் ஒருவர் உட்கார்ந்தாலோ ஐம்பதுக்குப் பக்கம் இறங்கும். எழுபது தருகிறது என்று இதே வயதுள்ள வண்டியை யாராவது விற்றால், அவர் எங்கே எப்படி அளந்தார் என்று கேளுங்கள்.

காகிதங்கள் எல்லாம் அசல், எல்லாம் என் கையில். ஆர்.சி. 2036 ஆகஸ்ட் வரை செல்லும். ஆயுள் வரி கட்டியாகிவிட்டது. புகைச் சான்று 2026 நவம்பர் வரை. காப்பீடு 2026 ஆகஸ்ட் வரை. வாங்கும்போதே கட்டிய ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடும், ஆண்டுதோறும் புதுப்பித்த சொந்தச் சேதக் காப்பீடும் அப்போதுதான் முடிகின்றன. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும்போது என் நோ கிளெயிம் போனஸ் உங்களுக்கு வராது. அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அந்த வித்தியாசத்தைக் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் வாங்கிக்கொள்ளும். வாகனம் கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டுப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம்.

கடனில் வாங்கிய வண்டி. கடன் 2023-இல் முடிந்தது. முடிந்ததோடு விட்டுவிடாமல் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்தும் ஹைப்போதிகேஷனை நீக்கிவிட்டேன். வங்கியின் என்.ஓ.சி. நகலும் தருகிறேன். அழைப்பவருக்கு முழுப் பதிவு எண்ணைச் சொல்வேன். mParivahan செயலியில் போட்டால் பதிவு நாள், காப்பீடு, புகைச் சான்று எல்லாம் தெரியும். அபராதம் ஏதும் பாக்கியா என்பதை echallan.parivahan.gov.in தளத்தில் பார்க்கலாம். நான் பார்த்தவரை எதுவும் இல்லை. நீங்களும் பாருங்கள்.

பெயர் மாற்றத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எழுதிய பிறகே கையெழுத்திடுவேன். வெற்றுத் தாளில் கையெழுத்து கிடையாது. "அப்புறம் மாற்றிக்கொள்கிறேன் சார்" என்பவருக்கும் வண்டி கிடையாது. விற்ற வண்டி நாளை யார்மீதாவது மோதினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியைக் கொடுத்தேன், காசை வாங்கினேன் என்பது அங்கே எடுபடாது. அதனால் பரிவாகன் தளத்தில் விண்ணப்பத்தை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து போடுவோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நான் வரவேண்டும் என்றால் வருகிறேன். மாற்றத்துக்கான செலவு உங்களுடையது. வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு இந்த விலையில் இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இனி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி மலிவானால் பழைய வண்டியும் இறங்கித்தான் ஆகவேண்டும். அதற்கு முன்பு கேட்டிருக்கக்கூடிய விலையை இப்போது நான் கேட்கவில்லை. கோன் செட்டுக்கும் முன் டயருக்கும் கூலியோடு எங்கள் மெக்கானிக் சொன்ன தொகை மூவாயிரத்துக்குள். அதைக் கழித்த பிறகே 46,000. எனவே அந்த இரண்டையும் காட்டி மறுபடி விலை குறைக்க வேண்டாம். நான் சொல்லாத குறை எதையாவது நீங்கள் கண்டுபிடித்தால், அப்போது பேசுவோம். "கடைசி விலை என்ன?" என்று வண்டியைப் பார்க்காமலே கேட்பவர்களுக்குப் பதில் வராது. வியாபாரிகளும் வரலாம், விலை அதேதான்.

பார்க்க வருகிறவர்கள் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வாருங்கள். ஞாயிறு என்றால் முழு நாளும் சரி. காலையில் வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வந்ததும் கையை எஞ்சின் அருகே கொண்டுபோங்கள். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டித் தயார் செய்துவைத்திருக்கிறார் என்று பொருள். எங்கே வண்டி பார்த்தாலும் இதைச் செய்யுங்கள்.

சாவியைப் போட்டதும் மீட்டரில் எஞ்சின் வடிவ விளக்கு எரியும், ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால் ஃபியூயல் இன்ஜெக்ஷனில் ஏதோ கோளாறு. விளக்கே எரியாவிட்டால் இன்னும் மோசம், யாரோ அதை மறைத்திருக்கலாம். சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் புகையைக் கவனியுங்கள். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வெண்மையாக வருவது ஈரப்பதம், அதில் பயமில்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது.

மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க, முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேலே 'டக்' என்று தட்டினால் கோன் செட். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ், பேரிங் நிலை தெரியும். அடிபட்ட வண்டியா என்பதை அறிய, பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டும்போது நேரான சாலையில் கைப்பிடியை லேசாகத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் கிரீஸ் படிந்திருந்தால் துடைக்கத் துணி தருகிறேன்.

மெக்கானிக்கை அழைத்துவருவது இன்னும் நல்லது. ஓட்டிப் பார்ப்பவர் ஓட்டுநர் உரிமமும் ஹெல்மெட்டும் கொண்டுவர வேண்டும். நீங்கள் வந்த வண்டியின் சாவியோ, உடன் வந்தவரோ என் வாசலில் இருக்கட்டும். தவறாக நினைக்க வேண்டாம். வேகத்தடைகள் உள்ள எங்கள் தெருவிலும், பிறகு திறந்த சாலையிலும் ஓட்டுங்கள். நான்கு கியரும் விழுகிறதா, பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி அதிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கேட்க மாட்டேன். இந்த வண்டியின் படங்களைக் காட்டி, ராணுவத்தில் பணி மாறுதல், பார்சலில் அனுப்புகிறேன், பாதிப் பணம் போடுங்கள் என்று யாராவது பேசினால் அது நான் அல்ல. பணம் வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ, படிவங்களில் இருவரும் கையெழுத்திடும் அதே அமர்வில். விற்பனை ரசீதில் தேதியோடு மணியையும் எழுதிக்கொள்வோம். அதற்கு முந்தைய அபராதம் எனக்கு, பிந்தையது உங்களுக்கு.

இரண்டு சாவி, டூல் கிட், வாங்கியபோது வந்த கையேடு, சர்வீஸ் சீட்டுக் கோப்பு எல்லாம் வண்டியோடு வரும். ஹெல்மெட் வராது.