மாடியில இருந்து விழுற பந்து, பூமியைச் சுத்துற ராக்கெட்

பிள்ளைகளா, இங்கிட்டு கொஞ்சம் நெருங்கி வாங்க, வெயில்ல நிக்காதீங்க. இந்தா ரெண்டு ரப்பர் பந்து. இந்த மாடிச் சுவர்ல இருந்து தரை ஏறக்குறைய 5 மீட்டர், இங்கருந்து ஒரு பந்தை சும்மா கையை விட்டுப் போடுறேன், இன்னொண்ணை அதே நேரத்துல அந்த வேப்பமரத்தைப் பாத்து நேரா எறியுறேன். எது முதல்ல தரையைத் தொடும்? எறிஞ்சதுன்னு சொல்றவங்க கை தூக்குங்க.

பாத்தீங்களா, டொப்புன்னு ஒரே சத்தம்! ரெண்டுக்கும் ஒரு செகண்டுதான். வேகமா எறிஞ்சா பந்து தூரமா போகும், ஆனா கீழ விழுறது நிக்காது. இதைப் புடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி ராக்கெட் முடிஞ்சுச்சு.

இப்ப பூமி உருண்டைல்ல, 8 கிலோமீட்டர் நேராப் போனா தரை 5 மீட்டர் கீழ வளைஞ்சிருக்கும். அப்ப ஒரு செகண்டுல 8 கிலோமீட்டர் போற மாதிரி பந்தை எறிஞ்சா? பந்தும் 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் இறங்கிப்போயிருக்கும், அடுத்த செகண்டும் அப்டித்தான், விழுந்துக்கிட்டே இருக்கும் ஆனா தரையே வராது. அதுதான் சுற்றுப்பாதை. ஒரு செகண்டுல மீனாட்சி கோயில்ல இருந்து திருப்பரங்குன்றம், ஒரு நிமிஷத்துல சென்னை, நம்ம பஸ்ஸுல போனா ராத்திரி பூரா ஆகும்!

இங்கயே அந்த வேகத்துல எறிஞ்சா காத்து உரசியே பந்து கருகிரும். அதான் ராக்கெட் மொதல்ல நேரா மேல போகுது, காத்து கம்மியாக ஆக பைய சாஞ்சு பக்கவாட்டுல ஓட ஆரம்பிக்குது, எரிபொருள்ல பெரும்பங்கு இந்தப் பக்கவாட்டு ஓட்டத்துக்குத்தான் போகுது. மேல போனா ஈர்ப்பு இல்லன்னு நெனைக்காதீங்க, டிவியிலயே சில பேர் அப்டித்தான் சொல்றாங்க, கடுப்பா இருக்கும். விண்வெளி நிலையம் இருக்கிற 400 கிலோமீட்டர் உயரத்துல இங்க இருக்கிற ஈர்ப்புல 90 சதவீதம் போல இருக்கு. உள்ள இருக்கிறவங்க மிதக்குறது ஏன்னா நிலையமும் அவங்களும் சேந்தே விழுந்துக்கிட்டு இருக்காங்க.

பிஎஸ்எல்வி-ல நாலு அடுக்கு. எரிஞ்சு முடிஞ்ச காலி டப்பாவை எதுக்குச் சுமக்கணும்னு ஒவ்வொண்ணா கழட்டி விட்டுரும்.

இன்னொண்ணு, ஃபாஸ்ட் பவுலர் ஓடி வந்து போடுறான்ல, ஓட்டமும் பந்துல சேருதுல்ல? பூமி கிழக்கால சுத்துறதால, ஸ்ரீஹரிகோட்டாவுல நிக்கிற ராக்கெட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே செகண்டுக்கு 450 மீட்டர் வேகம் இருக்கு. கிழக்க பாத்து விட்டா அது ஓசி!

சரி, இப்ப நீங்க எறிங்க. ரெண்டு பேர் மேல, ஒருத்தர் டேப்போட கீழ, ஒருத்தர் செல்போன்ல ஸ்லோ மோஷன் எடுங்க. ஏய், வாட்ச்மேன் அண்ணன் சைக்கிள் பக்கம் மட்டும் எறியாதடா!