ஆண்டிபயாடிக் தேர்வு: மருந்தியல் பயிற்சி வினாக்கள், விடைகளுடன்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வார்டுகளில் நீங்கள் நாளை பார்க்கப்போகும் நோயாளிகளை மனதில் வைத்து எழுதிய கேள்விகள் இவை. முதலில் கிருமியைச் சொல்லுங்கள். அப்புறம் மருந்து, அது கிருமியில் எங்கே தாக்குகிறது, எந்தப் பக்க விளைவைக் கவனிக்க வேண்டும் என எழுதுங்கள். மருந்துப் பெயரை மட்டும் எழுதினால் கால் மதிப்பெண்தான்.

வினா 1. கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கும் 42 வயதுப் பெண். எட்டு நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி. மருந்துக் கடையில் வாங்கிய அமாக்சிசிலினை ஐந்து நாள் சாப்பிட்டும் குறையவில்லை. அக்குளில் வலியில்லாத கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

அ) செஃப்ட்ரியாக்சோன் ஆ) டாக்சிசைக்ளின் இ) ஜென்டாமைசின் ஈ) வான்கோமைசின்

விடை: ஆ. கிருமி ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. நோய் ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணியின் லார்வா கடித்துப் பரவுகிறது. அந்தப் பொருக்கு அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். வலிக்காததால் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார்; நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அமாக்சிசிலின் ஏன் கேட்கவில்லை? இந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. செல்சுவரைக் குறிவைக்கும் பீட்டா-லாக்டம் மருந்துகள் இதனிடம் எடுபடாது. அதே காரணத்தால் 'அ'வும் தவறு. டாக்சிசைக்ளின் செல்லுக்குள் நுழைந்து, ரைபோசோமின் 30எஸ் பகுதியைப் பிடித்துப் புரதத் தயாரிப்பை நிறுத்துகிறது. பலருக்கு இரண்டு நாளுக்குள் காய்ச்சல் விழுந்துவிடும்.

பக்க விளைவு: வெயில் பட்ட தோல் எரிந்து சிவப்பது. நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவரிடம் இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுக்காதீர்கள். மலையில் குளிராக இருந்தாலும் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். உணவுக்குழாய்ப் புண்ணும் வரலாம். நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் சேராது.

வினா 2. அதே பெண் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தால்?

விடை: அசித்ரோமைசின். இது 50எஸ் பகுதியைத் தடுக்கிறது. வயிற்றுக் கோளாறு சாதாரணம், இ.சி.ஜி.யில் க்யூடி இடைவெளி நீளலாம், அதனால் இதய நோய் பற்றிக் கேளுங்கள்.

வினா 3. காசநோய்க்கு நான்கு மருந்துகள் எடுக்கத் தொடங்கி இரண்டு மாதமான ஓட்டுநர். மேட்டுப்பாளையம் போய்வரும்போது சிக்னலில் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்கிறார். எந்த மருந்து? எப்படி வேலை செய்கிறது?

விடை: எதாம்பியூட்டால். மைக்கோபாக்டீரியத்தின் சுவருக்கு வேண்டிய அராபினோகாலக்டனைச் சேர்க்கும் நொதியைத் தடுக்கிறது. பக்க விளைவு பார்வை நரம்பு அழற்சி. மருந்தை உடனே நிறுத்தி, கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் வண்டி ஓட்டக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் இது உயிர் விஷயம்.

மற்ற மூன்றையும் குழப்பாதீர்கள். ரிஃபாம்பிசின் ஆர்என்ஏ பாலிமரேஸைத் தடுக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள். ஐசோனியாசிட் மைக்கோலிக் அமிலத் தயாரிப்பைத் தடுக்கும். கை கால் மரத்துப்போகும், பைரிடாக்சின் கொடுப்பது அதற்காகத்தான். பைரசினமைட் யூரிக் அமிலத்தை ஏற்றும். கடைசி மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை.

வினா 4. காலில் சீழ்க்கட்டி, இரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ. வான்கோமைசின் டிரிப் போட்ட பத்து நிமிடத்தில் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கின்றன. மூச்சும் இரத்த அழுத்தமும் சீர். இது ஒவ்வாமையா?

விடை: பெரும்பாலும் இல்லை. வேகமாக ஏற்றியதால் ஹிஸ்டமின் வெளியான எதிர்வினை. டிரிப்பை நிறுத்தி, ஆன்டிஹிஸ்டமின் கொடுத்து, அடங்கியதும் மெதுவாக ஏற்றலாம். ஒரு கிராமுக்குக் குறைந்தது 60 நிமிடம். செல்சுவர்த் துண்டிலுள்ள டி-அலனின்–டி-அலனின் முனையை வான்கோமைசின் பிடித்துக்கொள்கிறது. பென்சிலின் ஒட்டும் புரதத்தைத்தான் எம்ஆர்எஸ்ஏ மாற்றி வைத்திருக்கிறது. இந்த முனையை அல்ல.

வினா 5. பொருத்துக.

1. ஜென்டாமைசின் – கிளெப்சியெல்லா
2. சிப்ரோஃப்ளாக்சசின் – சூடோமோனாஸ்
3. கோட்ரைமாக்சசோல் – நோகார்டியா
4. லைனசோலிட் – வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ்

செயல்: (அ) ஃபோலேட் தயாரிப்பு (ஆ) 50எஸ் (இ) டிஎன்ஏ கைரேஸ் (ஈ) 30எஸ்

பக்க விளைவு: (ய) தட்டணுக் குறைவு (ர) காதுகேளாமை, சிறுநீரகப் பாதிப்பு (ல) குதிகால் தசைநாண் அறுதல் (வ) தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்

விடை: 1-ஈ-ர, 2-இ-ல, 3-அ-வ, 4-ஆ-ய. லைனசோலிட் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தட்டணு இறங்கும் வாய்ப்பு கூடும்; வாரம் ஒருமுறை இரத்த அணு எண்ணிக்கை பாருங்கள். மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை எடுப்பவருக்கு இது செரோடோனின் கோளாறை உண்டாக்கலாம் என்பதால் பழைய மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.