தம்பிக்கு: கிரியேட்டினோடு முதல் மாதம்

தம்பி,

திங்கட்கிழமை ஜிம்மில் சேர்கிறாய், தசைக்குச் சக்தி தரும் கிரியேட்டின் பொடி டப்பாவும் வாங்கிவிட்டாய் என்று அத்தை சொன்னார்கள். சிறுநீரகக் கோளாறோ வேறு ஏதாவது தொடர் மருந்தோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்காதே. இல்லையென்றால் மேலே படி.

டப்பாவில் ‘மோனோஹைட்ரேட்’ என்று இருந்தால் போதும். விலை கூடிய வகைகள் அதைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாளுக்கு 3 முதல் 5 கிராம்தான் அளவு. 62 கிலோ எடையுள்ள உனக்கு 4 கிராம் தாராளம். முதல் வாரம் தினமும் 20 கிராம் எடுக்கச் சொல்வார்கள். தசையில் கிரியேட்டின் சீக்கிரம் நிரம்பும் என்பது உண்மைதான். பலருக்கு வயிறும் கலங்கும். 4 கிராமிலேயே மூன்று, நான்கு வாரத்தில் அதே நிலைக்கு வந்துவிடலாம். உனக்கென்ன போட்டியா காத்திருக்கிறது?

வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் டம்ளரின் அடியில் மணல்போல் தங்காது. காலைச் சிற்றுண்டியோடு குடித்துவிடு, ஓய்வு நாளிலும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகக் குடிக்காதே.

முதல் வாரம் உடல்வலியைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் எடை ஒரு கிலோ அளவுக்கு ஏறலாம். அது கொழுப்பு அல்ல. கிரியேட்டினோடு சேர்ந்து தசைக்குள் போகும் தண்ணீர். பயந்து சாப்பாட்டைக் குறைத்துவிடாதே. நான்காம் வாரத்தில் கடைசிச் சுற்றில் ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்கலாம். அதற்கும் பெரும் காரணம் உன் நரம்புகள் அசைவைப் பழகிக்கொள்வதுதான். புதியவர்கள் அத்தனை பேருக்கும் இது நடக்கும். அதனால் முதல் மாத வளர்ச்சியை முழுக்கப் பொடியின் கணக்கில் எழுதாதே. நீ சைவம், கிரியேட்டின் இறைச்சியிலும் மீனிலும்தான் அதிகம். தசையில் இருப்பு குறைவாக இருக்கும் என்பதால், உனக்குப் பலன் சற்றுக் கூடவே தெரியலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து எழுது. ஒற்றை நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. வாரச் சராசரியைப் பார். ஞாயிறுதோறும் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு எடு. எடை ஏறி இடுப்பு அப்படியே இருந்தால் கவலையே இல்லை. பொடி குடித்த நாளுக்கு ஒரு டிக் போடு. எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதையும் குறி.

எல்லாவற்றையும்விட முக்கியம் பயிற்சிக் குறிப்பு. எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முறை என்று இப்படி எழுது: “புதன். கோப்ளெட் ஸ்குவாட் 10 கிலோ: 10, 10, 8. கடைசியில் முழங்கால் உள்ளே சாய்ந்தது.” அந்த எட்டு எப்போது பத்தாகிறது, முழங்கால் எப்போது நேராகிறது என்பதுதான் இந்த மாதத்தின் உண்மையான கணக்கு. கண்ணாடியை மறந்துவிடு.

இடையில் இரத்தப் பரிசோதனை எடுக்க நேர்ந்தால், கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே, அதைச் சோதிக்கப் பார்க்கும் ‘கிரியேட்டினைன்’ என்ற கழிவுப்பொருளின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டக்கூடும். வீட்டில் எல்லோரும் பதறிவிடுவார்கள்.

மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். நோட்டை எடுத்து வை, அடுத்த மாதம் தூக்க வேண்டிய எடைகளைச் சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
அண்ணன்