காசநோய்: சிகிச்சைத் தொடர்ச்சியும் தொடர்பாளர் கண்டறிதலும்
சமூக சுகாதாரச் செவிலிய மாணவர்களுக்கான களப்பயிற்சிப் பாடம்

வகுப்பறையில் மூன்று மணி நேரம், ஆரம்ப சுகாதார நிலையக் களப்பணியில் ஒரு நாள்.

இப்பாடத்தின் நோக்கம்

மாத்திரை தவறிய ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்று, எத்தனை நாள் தவறியது, ஏன் தவறியது என்பதை அவர் மனம் நோகாமல் கேட்டறியவும், அதே வருகையில் அவருடன் ஒரே காற்றைச் சுவாசித்தவர்களின் பட்டியலை எடுத்து அவர்களைப் பரிசோதனைக்கு அனுப்பவும் மாணவர் இப்பாடத்தின் முடிவில் தகுதி பெற்றிருக்க வேண்டும். பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக வைத்தாலும் களத்தில் இவை பிரிவதில்லை. மருந்து விட்டுப்போனதை உங்களிடம் மறைக்கும் நோயாளி, தன்னோடு தங்கியவர்களின் பெயரையும் மறைப்பார்.

சிகிச்சை: தெரிந்திருக்க வேண்டிய அளவு

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை தரப்படுகிறது. முதல் இரண்டு மாதத் தீவிரக் கட்டத்தில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதத் தொடர் கட்டத்தில் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும், ஒரே மாத்திரையில் சேர்க்கப்பட்ட கூட்டு மருந்தாக நாள்தோறும் வழங்கப்படுகின்றன. பெரியவர்களுக்கு எடையே அளவைத் தீர்மானிக்கிறது. 25 முதல் 34 கிலோ வரை இரண்டு மாத்திரை, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு, 65 முதல் 75 வரை ஐந்து. ஆகவே எடைக் கருவி இல்லாமல் காசநோயாளியின் வீட்டுக்குப் போகாதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம், நான்காம் வாரத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, முகம் தெளிந்துவிடும். "உடம்பு நல்லாயிடுச்சு, இனி எதுக்கு?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. விரைவாகப் பெருகும் கிருமிகள் முதலில் அழிவதால் உடல் தேறுகிறது. மெதுவாகப் பெருகும் கிருமிகள் உள்ளே மிச்சமிருக்கின்றன. அவற்றுக்காகத்தான் மீதி மாதங்கள். இடையில் விட்டால் நோய் திரும்பக்கூடும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும் என்பதை நோயாளியின் சொந்த மொழியில் விளக்கப் பழகுங்கள்.

வீட்டிலிருந்தபடியே இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிறுவிய ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது. 1956-இல் தொடங்கப்பட்ட சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நெருக்கடியான வீடுகளில் போதிய உணவின்றி வாழ்ந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டது. 1959-இல் வெளியான முடிவுகளில் வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியத்துக்கு இணையாகவே இருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. பரவல் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்ற உண்மையை இதிலிருந்து பெறுகிறோம். தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பதால் பயனில்லை என்பதற்கும், தொடர்பாளரைத் தாமதமின்றித் தேட வேண்டும் என்பதற்கும் அடிப்படை அதுவே.

களநிகழ்வு: திருப்பூர் லைன் வீடு

நோயாளிக்கு வயது 38. பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். சளியில் கிருமி உறுதியானது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. தொடக்க எடை 46 கிலோ, எனவே நாளொன்றுக்கு மூன்று மாத்திரை. மனைவி, 11 வயது மகள், 4 வயது மகன், சர்க்கரை நோயுள்ள மாமியார் ஆகியோருடன் ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட லைன் வீட்டில் வசிக்கிறார். 28 நாளுக்கான இரண்டாவது மருந்துத் தொகுப்பு, அதாவது 84 மாத்திரைகள், கொடுக்கப்பட்டு 20 நாள்கள் முடிந்த மாலையில் மாணவி அங்கே செல்கிறார்.

மாத்திரை அட்டைகள் சாமிபடத்துக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் 39 மிச்சம். 20 நாளில் 60 போயிருந்தால் 24 தான் இருக்க வேண்டும். கூடுதலாக உள்ள 15 மாத்திரைகளின் பொருள், ஐந்து நாள் மருந்து உள்ளே போகவில்லை என்பதே. இந்தக் கணக்கை நோயாளியின் முன்னால் உரக்கச் சொல்லாதீர்கள். எண்ணியதை மனத்தில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

"அண்ணா, தினமும் மாத்திரை போடறது லேசான வேலை இல்லீங்க. எல்லாருக்குமே ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும். உங்களுக்கு எந்த நாள் கஷ்டமா இருக்குதுங்க?"

"நைட் ஷிப்ட் இருந்தா முடியறதில்லீங்க சிஸ்டர். காலையில வந்து வெறும் வயித்துல போட்டா குமட்டுது. போன வாரம் ஷிப்மெண்ட்டுன்னு விடிய விடிய தைச்சோம்."

"ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் "போடறேனுங்க" என்ற பதிலோடு அந்த வருகை முடிந்திருக்கும். தவறுவது இயல்பு என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு எந்த நாள் என்று கேட்டதால்தான் காரணம் வெளிவந்தது. அவர் அலட்சியக்காரர் அல்லர். அவரது வேலை நேரமும் மருந்து நேரமும் மோதுகின்றன, அவ்வளவே. நோய்க்குறிப்பில் "ஒத்துழைக்காதவர்" என்று எழுதும் வழக்கத்தை இந்தப் பாடத்தோடு விட்டுவிடுங்கள். அந்தச் சொல் காரணத்தைத் தேடும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிக்கிறது; நோயாளிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை: குமட்டல் என்றதும் கண், தோல் மஞ்சளாக இருக்கிறதா, வலது மேல் வயிற்றில் வலி உண்டா, பசி முற்றிலும் போய்விட்டதா, மது அருந்துகிறாரா என்று பாருங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது தீங்கற்றது. அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்தே மருந்தை நிறுத்துவார்கள். ஆனால் கண்வெள்ளை மஞ்சளானால் அன்றைய மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவ அலுவலரிடம் அனுப்ப வேண்டும். பார்வை மங்கினாலோ நிறம் பிரித்தறிய முடியாவிட்டாலோ அதே வேகம் வேண்டும். கைகால் எரிச்சலுக்குப் பைரிடாக்சினும் மூட்டுவலிக்கு வலி மருந்தும் மருத்துவர் தருவார். மருந்து உண்ணும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும்.

இவருக்கு அபாய அறிகுறி எதுவும் இல்லை. எனவே மருத்துவ அலுவலரின் ஒப்புதலோடு, மனைவி மாலையில் இரண்டு இட்லி கொடுத்தபின் வேலைக்குக் கிளம்பும் முன்பே மாத்திரை போடுவதென்று மூவரும் பேசி முடிவெடுக்கிறார்கள். விட்டுப்போன ஐந்து நாள் மருந்தைத் தீவிரக் கட்டத்தின் இறுதியில் நீட்டித்து ஈடுசெய்வார்கள். ஒரே நாளில் இரட்டை அளவு போடக் கூடாது. மனைவியே சிகிச்சைத் துணைவராகப் பதிவு செய்யப்படுகிறார். நிக்ஷய் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டுப் பணம் வந்ததா என்பதையும் கேளுங்கள். ஒரு நாள் கூலி இழந்து மருந்து வாங்க வருபவருக்கு அது சிறிய தொகையன்று.

இரண்டாம் மாத இறுதியில் இவரது எடை 52 கிலோவானால், ஐந்து கிலோவுக்கு மேல் கூடி அடுத்த எடைப் பிரிவுக்குச் சென்றுவிட்டதால் மாத்திரை நான்காகும். "நோய் முத்திடுச்சா?" என்று வீட்டார் அஞ்சுவார்கள். உடம்பு தேறியதன் அடையாளம் அது என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

தொடர்பாளர் பட்டியல்

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஓர் இரவேனும் ஒரே அறையில் தங்கியவர்களும், பகலில் அடிக்கடி நெடுநேரம் உடனிருந்தவர்களும் வீட்டுத் தொடர்பாளர்கள். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் ரேஷன் அட்டையில் உள்ள பெயர்கள்தான் வரும். "ராத்திரி யார் யாரெல்லாம் இங்கே படுத்தாங்க? தீபாவளிக்கு யார் வந்து தங்கினாங்க?" என்று கேட்டால் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம் தங்கிய தம்பியும் நினைவுக்கு வருவார்.

இந்த வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நான்கு வயதுச் சிறுவனை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொற்று மிக விரைவில் கடும் நோயாகக்கூடும்; மூளையுறைக் காசநோயும் அதில் அடங்கும். குழந்தை சளியைத் துப்பிக் காட்டாது. விளையாட்டுக் குறைந்ததா, எடை ஏறவில்லையா, காய்ச்சல் விடாமல் இருக்கிறதா என்று தாயிடம் கேட்டு, வளர்ச்சி அட்டையையும் பாருங்கள். நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தால், தொற்றுப் பரிசோதனைக்குக் காத்திராமல் தடுப்புச் சிகிச்சை தொடங்கலாம்: நாள்தோறும் எடைக்கேற்ற ஐசோனியாசிட், ஆறு மாதம். பி.சி.ஜி. போட்டிருப்பது இதற்கு மாற்றாகாது.

மற்றவர்களிடம் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேளுங்கள். தொடர்பாளர் என்றால் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எத்தனை நாள் இருமலானாலும் சளிப் பரிசோதனை உண்டு. அறிகுறி இல்லாதவருக்கும், குறிப்பாகச் சர்க்கரை நோயுள்ள மாமியாருக்கு, மார்பு எக்ஸ்ரே வேண்டும். நோய் இல்லாத பெரியவர்களுக்கும் தடுப்புச் சிகிச்சைக்கு இப்போது வழியுண்டு. வாரம் ஒரு முறை என 12 வாரம் தரும் ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் முறை அவற்றுள் ஒன்று. தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், இன்று ஒன்றும் இல்லை என்றவரையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

சளி டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலத்தில் நான் அப்படிக் கொடுத்த மூன்று டப்பாக்களில் வந்தது வெறும் எச்சில். ஒரு வாரம் வீணானது. வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பும் முறையை வீட்டுக்கு வெளியே திறந்த வெளியில் நின்று செய்து காட்டுங்கள்.

பணியிடத்தில் மிகுந்த கவனம் தேவை. பக்கத்து மெஷினில் எட்டு மணி நேரம் அமர்பவரும் தொடர்பாளரே. ஆனால் பெயர் வெளிவந்தால் இவருக்கு வேலை போகும். அடுத்து இருமுபவர் யாரும் வாய் திறக்கமாட்டார். நோயாளியின் சம்மதம் பெற்று, யாரையும் குறிப்பிடாமல், தளம் முழுவதற்குமான பொதுப் பரிசோதனை முகாமாக நடத்துமாறு முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

பயிற்சி

1. இருவர் இருவராக, மேற்கண்ட உரையாடலை நோயாளி முதலில் "போடறேனுங்க" என்று மறுப்பதாக வைத்து நடத்துக. இரண்டாவது கேள்வியை எழுதிக் காட்டுக.

2. எடை 36 கிலோ உள்ள பெண்ணுக்கு 28 நாள் மருந்து தரப்பட்டது. 16-ஆம் நாள் மாலை, அன்றைய மருந்து நேரம் கடந்தபின், 42 மாத்திரை மிச்சம். எத்தனை நாள் தவறியது? (விடை: நாளொன்றுக்கு மூன்று வீதம் 48 போயிருந்தால் 36 இருக்க வேண்டும், கூடுதல் ஆறு, ஆகவே இரண்டு நாள்.)

3. அவர் தன் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்கிறார். (விடை: கொடுக்கலாம். இந்த மருந்துகள் அதற்குத் தடையில்லை. தாய் இருமும்போது வாயை மூடிக்கொள்ளவும், அறைச் சன்னலைத் திறந்து வைக்கவும் வேண்டும். குழந்தையை உடனே தொடர்பாளர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.)

4. களநாளில் ஒரு வீட்டின் தொடர்பாளர் பட்டியலை, இரவு படுக்கும் இடங்களைக் கோட்டு வரைபடமாக வரைந்து தயாரித்து, நோயாளியின் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இட்டு ஒப்படைக்குக.